லைன் போனாலும் லிங்க் போகாமல் கூத்தை நேரலை செய்வது

கேள்வி: "பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். திரௌபதி அம்மன் திருவிழாவில் கடைசி ராத்திரி பாரதக் கூத்து, இரவு 10 மணிக்கு ஆரம்பித்தால் காலை 6 வரை போகும். பெங்களூரு, திருப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்காகப் போன வருஷம் யூடியூப் ஆப்பிலேயே லைவ் போட்டோம். இரண்டு தடவை கட் ஆகி மூன்று லிங்க் ஆகிவிட்டது. சத்தமும் கரகரவென்று இருந்தது. இந்த வருஷம் இரண்டு ஆண்ட்ராய்டு போன், ஒரு சின்ன மிக்சர் கையில் இருக்கிறது. கட் ஆகாமல் போடுவது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

கட் ஆகும். செல்போன் டவரை நம்பி எட்டு மணி நேரம் லைவ் போடும்போது எங்காவது ஒரு இடத்தில் லைன் போகத்தான் செய்யும். தர்மபுரி டவுனுக்குள்ளேயே போகிறது, உங்கள் பக்கத்துக் காட்டு மேட்டில் கேட்கவே வேண்டாம். அதனால் கட் ஆகாமல் பார்ப்பதை விட, கட் ஆனாலும் லிங்க் மாறாமல், பார்ப்பவர் அதே பக்கத்திலேயே காத்திருக்கும்படி ஏற்பாடு செய்வதுதான் வேலை. அதை இரண்டு போனை வைத்துத் தாராளமாகச் செய்யலாம். கோயில் விழா, கூத்து, கல்யாணம் என்று இந்த மாவட்டத்தில் நேரலை போடுவதே என் தொழில் என்பதால், என் கை பழகிய ஒரே ஒரு முறையை மட்டும் சொல்கிறேன். வேறு வழிகளும் இருக்கின்றன.

போன வருஷம் ஏன் மூன்று லிங்க் ஆனது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். யூடியூப் ஆப்பில் நேராக லைவ் போட்டால் கேமராவும் ஒளிபரப்பும் ஒன்றாகப் பிணைந்திருக்கும். ஆப் மூடினால், போன் அணைந்தால் அந்த நிகழ்ச்சியே முடிந்ததாகக் கணக்கு. மறுபடி ஆரம்பித்தால் அது புது நிகழ்ச்சி, புது லிங்க். இந்தப் பிணைப்பை அவிழ்க்க வேண்டும். யூடியூப் ஸ்டூடியோவில் முன்கூட்டியே ஒரு நிகழ்ச்சியை உருவாக்கி வையுங்கள். கம்ப்யூட்டர் இல்லையென்றால் போன் பிரவுசரில் டெஸ்க்டாப் பக்கமாகத் திறந்தும் செய்யலாம். அந்த நிகழ்ச்சிக்கு ஒரு லிங்க் கிடைக்கும், அதை இரண்டு நாள் முன்னாலேயே ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிடலாம். கூடவே Stream key என்று ஒரு நீளமான சாவி கிடைக்கும். எந்தப் போன் அந்தச் சாவியோடு படத்தை அனுப்புகிறதோ, அதன் படம் அந்த நிகழ்ச்சியில் தெரியும். போன் செத்தாலும் நிகழ்ச்சி சாகாது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதே பக்கத்தில் Enable Auto-stop என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அணைத்து வைக்க வேண்டும். அது எரிந்துகொண்டிருந்தால் படம் வருவது நின்றதும் யூடியூப் தானாகவே நிகழ்ச்சியை முடித்துவிடும், நீங்கள் பழைய கதைக்கே திரும்புவீர்கள். அங்கேயே லேட்டன்சி என்று இருப்பதை Normal என்று வையுங்கள். ஊரில் நடப்பது பெங்களூரில் கொஞ்சம் தாமதமாகத் தெரியும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. சில நொடித் தடங்கல்கள் பார்ப்பவருக்குத் தெரியாமலே போய்விடும்.

சேனலில் இதுவரை ஆப் வழியாக மட்டுமே லைவ் போட்டிருந்தாலும் ஸ்டூடியோ பக்கத்தை ஒரு வாரம் முன்பே திறந்து பார்த்துவிடுங்கள். கோயிலுக்கென்று புது சேனல் தொடங்குவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். நேரலை வசதியை முதன்முறை கேட்கும்போது யூடியூப் 24 மணி நேரம் வரை காக்க வைக்கும். மொபைல் ஆப்பில் லைவ் போட 50 சந்தாதாரர் வேண்டும் என்ற விதி, நான் சொல்லும் இந்த முறைக்குக் கிடையாது.

சரி, படத்தை அனுப்ப யூடியூப் ஆப் வேண்டாம். Larix Broadcaster மாதிரி ஒரு ஆப்பை இரண்டு போனிலும் போடுங்கள். முதல் போனில் கீழே உள்ள முதல் முகவரி, இரண்டாவது போனில் இரண்டாவது முகவரி. கடைசியில் உங்கள் சாவியைச் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சாவிதான்.

```
rtmp://a.rtmp.youtube.com/live2/உங்கள்-சாவி
rtmp://b.rtmp.youtube.com/live2?backup=1/உங்கள்-சாவி
```

இரண்டாவது முகவரிதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி, பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. யூடியூப் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு வாசல் வைத்திருக்கிறது, ஒன்று முதன்மை, இன்னொன்று மாற்று. முதன்மை வாசலில் படம் வரும் வரை அதைக் காட்டும், அங்கே நின்றால் மாற்று வாசலில் வருவதைக் காட்டும். இரண்டு போனையும் முதன்மை வாசலுக்கே வைத்தால் ஒரு சிக்கல் வரும். முதல் போன் லைன் போய்விட்டதென்று இரண்டாவதைப் போடுகிறீர்கள். இரண்டு நிமிஷத்தில் முதல் போனுக்கு லைன் திரும்பிவிடும், ஆப் தானாகவே மறுபடி இணைந்துகொள்ளும். அப்போது ஒரே வாசலில் இரண்டு பேர் முட்டிக்கொள்வார்கள், படம் திக்கித் திணறும். மாற்று வாசலில் இந்த மோதல் கிடையாது. முதல் போனைத் தொடவே வேண்டாம், அது தானாக எழுந்து வந்ததும் இரண்டாவதை நிறுத்தினால் போதும்.

இரண்டு போனிலும் அமைப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும். 720, நொடிக்கு 30 பிரேம், வீடியோ பிட்ரேட் 2000, ஆடியோ 128, கீபிரேம் 2 நொடி. ஒன்றில் 720, இன்னொன்றில் 1080 என்று வைத்தால் மாறும் நேரத்தில் பார்ப்பவரின் பிளேயர் சிக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. 1080 ஆசையை விட்டுவிடுங்கள். ராத்திரி வெளிச்சத்தில் போன் கேமராவுக்கு அதனால் பெரிய லாபமில்லை, டேட்டாதான் கரையும். ஆப்பில் அடாப்டிவ் பிட்ரேட் என்று இருப்பதைப் போட்டு வையுங்கள், லைன் இளைக்கும்போது படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கியாவது தாக்குப்பிடிக்கும். பதிவு செய்யும் வசதியையும் முதல் போனில் போட்டு வையுங்கள். இரண்டு லைனும் செத்தால்கூட மறுநாள் ஏற்ற முழுக் கூத்தும் கையில் இருக்கும்.

இரண்டு போன் இருக்கிறதே, இரண்டு கோணத்தில் மாற்றி மாற்றிக் காட்டலாமே என்று தோன்றும். செய்யலாம். ஆனால் அதற்கு இரண்டு போன் படத்தையும் வாங்கி ஒன்றாக்கி அனுப்ப ஒரு லேப்டாப்போ மூன்றாவது கருவியோ வேண்டும். அப்புறம் எல்லாம் ஒரே லைனில் தொங்கும், அது போனால் மொத்தமும் போகும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டாவது போனை இரண்டாவது கேமராவாக நினைக்க மாட்டேன், இரண்டாவது லைனாகத்தான் நினைப்பேன். ஆகவே இரண்டு போனிலும் ஒரே நிறுவனத்தின் சிம் இருக்கக்கூடாது. ஒன்றில் ஜியோ என்றால் இன்னொன்றில் ஏர்டெல்லோ, அங்கே நன்றாக எடுக்கும் வேறு ஏதாவதோ. டவர் ஒன்று மூச்சடைத்தால் மற்றது கை கொடுக்க வேண்டும்.

இப்போது டேட்டா கணக்கு. நிறையப் பேர் "லைன் போச்சு" என்று சொல்வதில் பாதி இதுதான். வீடியோவும் ஆடியோவும் சேர்த்து நொடிக்கு 2128 கிலோபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 266 கிலோபைட். ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 0.96 ஜிபி, எட்டு மணி நேரத்துக்கு 7.7 ஜிபி. உங்கள் சிம்மில் நாளுக்கு 2 ஜிபி பேக் என்று வைத்துக்கொள்வோம். இரவு 10 மணிக்கு ஆரம்பித்தால் 12 மணிக்குள் 1.9 ஜிபி போயிருக்கும். பகலில் அதே போனில் கொஞ்சம் வீடியோ பார்த்திருந்தால் 11 மணிக்கே வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும், படம் நின்றுவிடும். நள்ளிரவில் புது நாள் கணக்கு தொடங்குவதால் லைன் தானாக உயிர் பெறும், எல்லோரும் டவர் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். புது 2 ஜிபியும் 2 மணி சுமாருக்குத் தீர்ந்து மறுபடி நிற்கும். போன வருஷம் உங்களுக்குக் கட் ஆன நேரங்களை ஞாபகப்படுத்திப் பாருங்கள். நள்ளிரவுக்கு முன்னால் ஒன்று, 2 மணிக்கு அப்புறம் ஒன்று என்றிருந்தால் டவர் மேல் பழி போட வேண்டியதில்லை. நாள் கணக்கில்லாத கூடுதல் டேட்டா பேக்கை முதல் போனுக்கு 10 ஜிபிக்குக் குறையாமல் போட்டுவிடுங்கள். இரண்டாவது போன் அவசரத்துக்கு மட்டும் ஓடுவதால் அதற்கு 3 ஜிபி போதும். போனில் பதிவு செய்வதும் இதே அளவு இடம் பிடிக்கும், அதனால் முதல் போனில் 10 ஜிபி காலி இடமும் வேண்டும்.

லைனைச் சோதிப்பதற்கு ஸ்பீட் டெஸ்ட் மட்டும் போதாது. அது சில நொடி ஓடி நின்றுவிடும், நமக்கு எட்டு மணி நேரம் வேண்டும். அதிலும் பலர் டவுன்லோடு எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். நமக்கு வேண்டியது அப்லோடு. திருவிழா முதல் நாள் கொடியேற்றத்திலிருந்தே கூட்டம் சேர ஆரம்பித்துவிடுமில்லையா, அந்த நாட்களில் ஒரு ராத்திரி 10 மணிக்குக் கூத்துக் களரி இருக்கும் அதே இடத்தில் போனை ஸ்டாண்டில் வைத்து, தனி நிகழ்ச்சியாக, Unlisted என்று வைத்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஆப் திரையில் பிட்ரேட் எண் ஓடும். அது 2000 பக்கத்திலேயே நின்றால் சரி. அடிக்கடி 800, 600 என்று இறங்கினால் அன்றைக்கு ஆரம்பத்திலேயே 1000 என்று வைத்துவிடுங்கள். 720ஐ மாற்ற வேண்டாம், பிட்ரேட்டை மட்டும் குறைத்தால் போதும். படம் கொஞ்சம் கலங்கும், அடவு சுற்றும்போது கட்டம் கட்டமாகத் தெரியும், ஆனால் ஓடும். போனை நான்கு அடி நகர்த்தினாலோ உயரத்தில் வைத்தாலோ லைன் மாறும் இடங்கள் உங்கள் பக்கம் நிறைய. தகரக் கொட்டகைக்குக் கீழே வைத்துவிட்டு நெட்வொர்க்கைத் திட்டுவதில் பயனில்லை.

அடுத்தது சத்தம். கூத்தில் படம் கொஞ்சம் மங்கினாலும் ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பாட்டு கேட்காவிட்டால் விட்டுப் போய்விடுவார்கள். போன் மைக்கில் கரகரப்பு வருவதற்குக் காரணம் இருக்கிறது. களரிக்கு எதிரே குழாய் ஸ்பீக்கரின் சத்தம் நேராக மைக்கில் அடிக்கிறது, போன் தானாக அளவைக் குறைக்கிறது. மிருதங்கம் ஓய்ந்ததும் ஏற்றுகிறது. அடுத்த அடியில் மறுபடி குறைக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் வசனம் முழுகிப் போகும். அதனால் சத்தத்தை மிக்சரிலிருந்து வயரில் எடுக்க வேண்டும். ஆனால் மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து மட்டும் எடுத்தால் இன்னொரு ஏமாற்றம் வரும். அவர் கூட்டத்துக்கு எது கேட்கவில்லையோ அதைத்தான் மைக்கில் ஏற்றுவார். தொங்கும் மைக்கில் வேஷக்காரர்களின் குரல் வரும். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் முகவீணையும் மிருதங்கமும் மைக் இல்லாமலே கூட்டத்துக்கு நன்றாகக் கேட்கும், அதனால் அவற்றை அவர் குறைத்தே வைத்திருப்பார். அந்த வயரில் மட்டும் கேட்டால் தாளமில்லாத கூத்து மாதிரி இருக்கும்.

உங்கள் சின்ன மிக்சரின் வேலை இங்கேதான். ஒரு சேனலில் மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து வரும் லைன். அவரிடம் REC OUT அல்லது LINE OUT என்று எழுதியிருக்கும் துளையைக் கேளுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் துளையை மறந்தும் தொடாதீர்கள், உங்கள் மிக்சர் புகைந்துவிடும். இன்னொரு சேனலில் உங்கள் சொந்த மைக் ஒன்று, பின்பாட்டுக்காரர்களும் மிருதங்கக்காரரும் உட்காரும் பெஞ்சிலிருந்து நான்கைந்து அடி தள்ளி, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி. முதல் சேனலை முக்கியமாக வைத்து, இரண்டாவதை மெதுவாக ஏற்றி, ஜால்ரா தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் ஸ்பீக்கர் சத்தம் அந்த மைக்கில் ஏறி எதிரொலி மாதிரி வரும். மிக்சரின் விளக்குகள் பச்சையில் ஆடி, உச்சத்தில் எப்போதாவது மஞ்சள் தொட வேண்டும். சிவப்பு எரியவே கூடாது. போருக்கு அழைக்கும் வசனத்தில் கத்துவார்கள், அந்த அளவுக்கு இப்போதே இடம் விட்டு வையுங்கள்.

மிக்சரிலிருந்து போனுக்குப் போகும் கடைசி இரண்டு அடியில்தான் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கடையில் ஒரு ஹெட்போன் வயரை வாங்கி மிக்சரையும் போனையும் இணைத்தால் சத்தம் உடைந்து வரும், அல்லது வரவே வராது. போனின் ஹெட்போன் துளையில் உள்ள மைக் முனை சில மில்லிவோல்ட்டை எதிர்பார்க்கிறது. மிக்சர் கொடுப்பது அரை வோல்ட், ஒரு வோல்ட். நூறு மடங்கு கூடுதல். சரி, ரெசிஸ்டர் போட்டுக் குறைத்துக்கொள்ளலாம் என்று உள்ளூர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு வயர் செய்து வாங்கினால் இன்னொரு வேடிக்கை நடக்கும். ஆண்ட்ராய்டு போன் அந்த முனையில் இருக்கும் ஓம் அளவைப் பார்த்துத்தான் மைக்கா பொத்தானா என்று முடிவு செய்கிறது. 1000 ஓமுக்கு மேல் இருந்தால் மைக். 240 பக்கம் இருந்தால் வால்யூம் ஏற்றும் பொத்தான், 470 பக்கம் இருந்தால் குறைக்கும் பொத்தான். சின்ன ரெசிஸ்டரை நேராகப் போட்ட வயரைச் செருகினால் வால்யூம் தானாக ஏறி இறங்கும், பாட்டு ஆப் திறக்கும். போன் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள், வயர்தான் தப்பு.

இந்தத் தலைவலிக்குப் பதில் ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் வாங்கிவிடுங்கள். பெரிங்கர் யூசிஏ202 மாதிரி லைன் அளவை அப்படியே வாங்கிக்கொள்ளும் சின்னப் பெட்டி போதும். மிக்சரின் TAPE OUT துளையிலிருந்து ஆர்சிஏ வயர் அதற்குள் போகும், அதன் யூஎஸ்பி ஓடிஜி வழியாகப் போனுக்குள் போகும். உங்கள் மிக்சரிலேயே யூஎஸ்பி துளை இருந்தால் முதலில் அதைப் போனோடு இணைத்துப் பாருங்கள், பெட்டியே தேவைப்படாமல் போகலாம். ஆனால் சில மிக்சர்களில் அந்தத் துளை பென் டிரைவ் பாட்டு போட மட்டும்தான், அது உதவாது. பெட்டியைப் போன் பக்கத்தில் வைத்து, மிக்சரிலிருந்து பெட்டி வரைக்கும் ஆடியோ வயரை நீளமாக இழுங்கள். ஆடியோ வயர் 10, 15 மீட்டர் தாங்கும், யூஎஸ்பி வயரை அவ்வளவு நீட்டினால் பெட்டி விட்டு விட்டு வேலை செய்யும்.

செருகிவிட்டால் போன் அதைத்தான் கேட்கிறது என்று நம்பிவிடாதீர்கள். ஆப்பின் ஆடியோ அமைப்பில் சோர்ஸ் மாற்ற வேண்டியிருக்கலாம். சோதிப்பது சுலபம். ஒரு நிமிஷம் பதிவு செய்துகொண்டே போனின் மைக் ஓட்டையை நகத்தால் சுரண்டுங்கள். பதிவை இயர்போனில் கேளுங்கள். சுரண்டல் கேட்டால் போன் மைக்தான் இன்னும் ஓடுகிறது, வயரில் ஒன்றும் வரவில்லை. மிக்சரின் பேடரைச் சுத்தமாக இறக்கினால் பதிவில் மயான அமைதி வர வேண்டும், அதுதான் இரண்டாவது சாட்சி.

இரண்டாவது போனுக்கு ஆடியோ வேண்டாமா என்றால், வேண்டும். இரண்டாவது பெட்டி வாங்க முடிந்தால் TAPE OUT வயரை இரண்டாகப் பிரித்து அதற்கும் கொடுக்கலாம், ஒரு வெளியீட்டை இரண்டு இடத்துக்குப் பிரிப்பதில் தப்பில்லை. பணம் இல்லையென்றால் அந்தப் போனைத் தன் மைக்கோடேயே, பாட்டுக்காரர் பக்கமாக, ஸ்பீக்கருக்குப் பின்புறம் வைத்துவிடுங்கள். ஐந்து நிமிஷ மாற்றுக்கு அது போதும்.

மின்சாரம் பற்றி ஒன்று. ஜெனரேட்டர் லைனில் மிக்சரும், அதே லைனில் சார்ஜரோடு போனும் இருந்தால் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் அடியில் ஓடும். சார்ஜரைப் பிடுங்கினதும் இரைச்சல் நின்றால் அது எர்த் சுற்று. போனைப் பவர் பேங்கில் ஓட்டுங்கள். மைக் செட்காரரின் லைனைச் செருகும்போது மட்டும் இரைச்சல் வந்தால், நடுவில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போட வேண்டும். கார் ஸ்டீரியோ கடையில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள், சின்ன சாமான். யூஎஸ்பி துளையில் பெட்டி செருகியிருக்கும்போது போன் சார்ஜ் ஆகுமா என்பது போனுக்குப் போன் மாறும். சார்ஜ் துளையோடு வரும் ஓடிஜி சில போனில் வேலை செய்யும், சிலதில் ஆடியோவை எடுத்தால் சார்ஜ் நிற்கும். வீட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டி, பேட்டரி ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்காமல் களத்துக்குப் போகாதீர்கள். உங்கள் போனில் நடக்காவிட்டால் வேறு யாருடையதாவது வாங்கி முதல் போனாக வையுங்கள். அன்று ராத்திரி அந்தப் போனுக்குக் கால் வந்தாலும் கதை முடிந்தது, மைக்கைக் கால் பிடுங்கிக்கொள்ளும். வரும் கால்களை வேறு நம்பருக்குத் திருப்பிவிடுங்கள்.

இனி அந்த ராத்திரி. களத்தில் இருப்பவருக்குத் தன் ஒளிபரப்பு வெளியே எப்படித் தெரிகிறது என்று தெரியாது. பெங்களூரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவருக்குச் சேனலில் மேனேஜர் உரிமை கொடுத்து, ஸ்டூடியோ பக்கத்தைத் திறந்து வைத்திருக்கச் சொல்லுங்கள். அவருக்கு நல்ல வைபை இருக்கும். 11.40க்கு முதல் போனின் பிட்ரேட் 2000லிருந்து 300க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அடாப்டிவ் தாங்குகிறதா என்று அரை நிமிஷம் பாருங்கள். ஏறாமல் படமே நின்றுவிட்டால் இரண்டாவது போனில் ஆரம்பப் பொத்தானை அழுத்துங்கள். முதல் போனை நிறுத்த வேண்டாம், அது பதிவு செய்துகொண்டிருக்கட்டும். பெங்களூர்க்காரர் படம் திரும்பிவிட்டதா என்று சொல்வார், "படம் நின்றவர்கள் பக்கத்தை ஒருமுறை ரெப்ரெஷ் செய்யுங்கள்" என்று சாட்டில் போடுவார். முதல் போனின் எண் மறுபடி 2000க்கு ஏறி ஐந்து நிமிஷம் நிலையாக நின்றதும் இரண்டாவதை நிறுத்துங்கள். மாறும் இடத்தில் சில நொடி விட்டுப்போகலாம், அல்லது அதே வசனம் இரண்டு தடவை வரலாம். அதைச் சரிசெய்ய வழியில்லை. இதை வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். முதல் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, இரண்டாவதை ஆரம்பித்து, முதலை மீட்டு, இரண்டாவதை நிறுத்தி, கடைசியில் முதல் போனின் பதிவு நடுவில் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எண்ணை வைத்தே என்ன கோளாறு என்று பாதி தெரிந்துவிடும். மெதுவாக ஏறி இறங்கினால் டவரில் கூட்டம். திடீரென்று விழுந்து 60 பக்கமாகவே கிடந்தால் டேட்டா தீர்ந்துவிட்டது. எண் நன்றாக 2000 காட்டுகிறது, ஸ்டூடியோவில் ஒன்றும் வரவில்லை என்றால் சாவியோ முகவரியோ தப்பு. எல்லாம் சரியாக இருந்தும் பார்ப்பவருக்கு மட்டும் வேறு படம் நிலையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் காப்புரிமைப் பிரச்சினை. கூத்து தொடங்கும் முன்பும் இடைவேளையிலும் மைக் செட்காரர் சினிமா பக்திப் பாட்டு போடுவார். யூடியூப் அதை ஓடும்போதே கண்டுபிடித்து ஒளிபரப்பை மறைக்கும், தொடர்ந்தால் நிறுத்தியும்விடும். பாட்டு ஓடும்போது உங்கள் மிக்சரில் அவருடைய லைன் வரும் சேனலை மட்டும் இறக்கி உங்கள் மைக்கை விட்டு வையுங்கள். அதிலும் ஸ்பீக்கர் பாட்டு தூக்கலாகக் கேட்டால் அதையும் இறக்கிவிட வேண்டியதுதான். கூத்து வாத்தியாரிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முழு ராத்திரிக் கூத்து வலையில் கிடந்தால் தங்களை யார் கூப்பிடுவார்கள் என்று நினைக்கும் ஜமா உண்டு, அது அவர்கள் பிழைப்பு.

காலையில் கூத்து முடிந்ததும் போனை நிறுத்தினால் மட்டும் போதாது. Auto-stop அணைந்திருப்பதால் நிகழ்ச்சி ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்டூடியோவில் End stream அழுத்த வேண்டும். துரியோதனன் படுகளத்தையும் அதே நிகழ்ச்சியில் தொடர்ந்து போட ஆசை வரும். வேண்டாம். 12 மணி நேரத்துக்கு உள்ளே முடிந்த நேரலையைத்தான் யூடியூப் தானாகச் சேமித்து வைக்கும். இரவு 10க்கு ஆரம்பித்தது படுகளம் முடிந்து மதியம் வரை இழுத்தால் அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். படுகளத்துக்குத் தனி நிகழ்ச்சியை முந்தின நாளே உருவாக்கி, அதற்கு வேறு சாவி கொடுத்து, இரண்டு லிங்கையும் சேர்த்தே குழுவில் போட்டுவிடுங்கள். 6 மணிக்கு முதலாவதை முடித்துவிட்டு, போன்களில் படுகளத்தின் சாவியை மாற்றிப் போட்டு, சார்ஜ் ஏற்றி, படுகளத்துக்கு மண் உருவம் செய்யும் இடத்துக்கு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போனால் சரியாக இருக்கும்.